பேர்தான் ஹை பெர்ஃபார்மன்ஸ்: விண்டோஸ் பவர் பிளானோடு நெடுநாள் பழகியதில்

புதிதாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்த நண்பர் கேட்டது இது: "விண்டோஸ்ல ஹை பெர்ஃபார்மன்ஸ் போட்டா எத்தனை எஃப்பிஎஸ் ஏறும்?" அவர் வாங்கியிருப்பது ரைசன் 9 7950எக்ஸ்3டி. ஏறாது, அந்த ப்ராசஸரில் இறங்கக்கூடும் என்றால் நம்ப மறுக்கிறார். பேரை அப்படி வைத்திருக்கிறார்களே, அவர் என்ன செய்வார்!

முதலில் நியாயமாகவே பேசிவிடலாம். இந்த பிளான் கிராபிக்ஸ் கார்டின் வேகத்தைத் தொடுவதே இல்லை. ப்ராசஸரின் குறைந்தபட்ச நிலையை 5 சதவீதத்திலிருந்து 100க்கு உயர்த்துகிறது, கோர்களை 'பார்க்' செய்து ஓய்வில் வைக்க விடுவதில்லை, பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பின் மின்சிக்கனத்தை நிறுத்துகிறது. முக்கியமானவை இவைதான். கேம் ஓடும்போது ப்ராசஸர் எப்படியும் வேலையில்தான் இருக்கும், அதனால் விண்டோஸின் வழக்கமான பிளானான பேலன்ஸ்டிலும் அது முழு வேகத்துக்குப் போய்விடுகிறது.

"அப்படியானால் எல்லாரும் ஏன் சொன்னார்கள்?" என்றால், ஒரு காலத்தில் அது உண்மை. ப்ராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று முன்பு விண்டோஸ்தான் முடிவு செய்தது. அது நிதானமாகத்தான் நடந்தது. 2019இல் ஏஎம்டி சொன்ன கணக்குப்படி, பழைய முறையில் வேகம் மாற சுமார் 30 மில்லிசெகண்ட், புதிய முறையில் 1 முதல் 2 மில்லிசெகண்ட். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட். ஆக, வேகம் ஏறி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட இரண்டு ஃப்ரேம் போய்விடும். அந்தத் திக்கலைத்தான் இந்த பிளான் மறைத்தது. இன்டெல் ஸ்கைலேக் (2015) முதலும், ரைசன் 3000 வரிசை முதலும் அந்த முடிவை ப்ராசஸரே எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய ஹாஸ்வெல் மாதிரி ஒன்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் தாராளமாகப் போடலாம், பலன் தெரிய வாய்ப்பு உண்டு.

இனி நண்பரின் ப்ராசஸருக்கு வருவோம். 16 கோர்கள், எட்டெட்டாக இரண்டு சில்லுகளில் இருக்கின்றன. ஒன்றில், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகமான எல்3 கேஷ் 96 எம்பி. மற்றதில் 32 எம்பிதான், ஆனால் கிளாக் அதிகம். பெரும்பாலான கேம்களுக்கு வேண்டியது பெரிய கேஷ். கேம் திறந்ததை எக்ஸ்பாக்ஸ் கேம் பார் கண்டுகொண்டதும், ஏஎம்டியின் சிப்செட் டிரைவர் கேஷ் குறைந்த எட்டு கோர்களைப் 'பார்க்' செய்து, கேமை முதல் சில்லுக்குள் வைத்திருக்கும். இந்த ஏற்பாடு முழுக்க கோர் பார்க்கிங்கை நம்பியிருக்கிறது. ஹை பெர்ஃபார்மன்ஸோ பார்க்கிங்கையே தடுக்கிறது! கேமின் த்ரெட்கள் இரண்டு சில்லுகளிலும் சிதறும், கேஷ் பயன் போகும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தரவு தாவும் தாமதமும் சேரும். சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, மிக மெதுவான ஃப்ரேம்களைக் காட்டும் 1% லோ எண்ணில்தான் அடி நன்றாகத் தெரியும். ஒரே சில்லு கொண்ட 7800எக்ஸ்3டியில் இந்தத் தொல்லை கிடையாது.

சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது சுலபம். கேமை ஓடவிட்டு, ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு டேபைத் திறங்கள். 16 முதல் 31 வரையுள்ள கட்டங்களில் Parked என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளான் பேலன்ஸ்டா, கேம் மோட் ஆன் ஆகியிருக்கிறதா, சிப்செட் டிரைவர் போட்டாயிற்றா என்று பாருங்கள். கேம் பாருக்கு அந்த கேமை அடையாளம் தெரியவில்லையென்றால், கேம் திறந்திருக்கும்போது Win+G அழுத்தி, அதன் செட்டிங்ஸில் இது கேம்தான் என்று டிக் செய்யுங்கள்.

இரண்டையும் ஒப்பிட, ஒரே காட்சியை ஒவ்வொரு பிளானிலும் மூன்று முறை ஓட்டுங்கள். கமாண்ட் ப்ராம்ப்டில் மாற்றும் கட்டளைகள்:

```
powercfg /setactive SCHEME_BALANCED
powercfg /setactive SCHEME_MIN
powercfg /getactivescheme
```

இரண்டாவதுதான் ஹை பெர்ஃபார்மன்ஸ். MIN என்பது மின்சிக்கனம் குறைவு என்ற பொருளில். வேகம் வேண்டும் என்று SCHEME_MAX அடித்தால் பவர் சேவர் வந்து உட்காரும். இப்படிப் பேர் வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

உண்மையான எரிச்சல் வேறு. இந்த பிளானில் ஸ்லீப் தானாக வராது. கேம் முடித்துவிட்டு எழுந்து போனால், இரவு முழுக்க மெஷின் விழித்தபடி இருக்கும். 'கேம் பூஸ்டர்' வகை மென்பொருள்கள் கேட்காமலேயே இதற்கு மாற்றிவைத்துவிடுவதும் உண்டு. மேலே உள்ள மூன்றாவது கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கெடுதல் என்று பார்த்தால், ஒற்றைச் சில்லு ப்ராசஸரில் கொஞ்சம் கரண்ட் வீணாவதைத் தவிர எதுவும் இல்லை. பழைய ப்ராசஸரில் நன்மையே. அப்படியிருந்தும் நண்பருக்குச் சொன்ன பதில்: பேலன்ஸ்டில் விட்டுவிட்டு, 'பூஸ்டர்' ஏதாவது இருந்தால் அதை முதலில் அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.