லீஸா, சொந்தமா? மொத்தத் தொகை காட்டும் தப்பான விடை

இயந்திரத்தை லீஸுக்கு எடுப்பதா, கடன் வாங்கிச் சொந்தமாக வாங்குவதா என்ற கணக்கில் பெரும்பாலோர் முதலில் செய்வது, இரண்டு பக்கமும் கட்டும் தவணைகளைக் கூட்டிப் பார்ப்பது. அங்கேயே விடை தலைகீழாகிவிடும். ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம். நாணயம் எதுவாக இருந்தாலும் கணக்கு மாறாது.

இயந்திரத்தின் விலை 10,00,000, ஆயுள் 5 ஆண்டு. தேய்மானம் ஆண்டுக்குச் சமமாக 2,00,000. ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,00,000க்கு விற்கலாம். வரி 30%, வங்கி வட்டி 10%. லீஸ் என்றால் ஆண்டுக்கு 2,40,000 வீதம் 5 தவணை, ஒவ்வொன்றையும் ஆண்டின் தொடக்கத்திலேயே கட்ட வேண்டும்.

கடன் வாங்கினால் ஆண்டு முடிவில் கட்டும் சமத் தவணை சுமார் 2,63,800. ஐந்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 13,19,000. லீஸுக்கு மொத்தம் 12,00,000தான். பழைய இயந்திரத்தை விற்று வரும் 1,00,000ஐக் கழித்தாலும் லீஸே மலிவு என்று தோன்றும். விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். இன்று கட்டும் பணத்தையும் ஐந்து ஆண்டு கழித்துக் கட்டும் பணத்தையும் ஒரே எடையில் வைத்துவிடுகிறோம். வரியில் மிச்சமாவதையும் விட்டுவிடுகிறோம்.

சரி, எல்லாவற்றையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவோம். எந்த விகிதத்தில்? லீஸ் தவணையும் கடன் தவணை போலவே தப்பாமல் கட்டியாக வேண்டிய பாக்கி. அதனால் கடனின் வட்டியே அளவுகோல். வட்டிக்கு வரிச்சலுகை உண்டு என்பதால் 10%இல் 30% போக 7%. வட்டி இந்த விகிதத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆகவே வாங்கும் பக்கத்தில் கடன் தவணையையோ வட்டியையோ தனியாக எழுதக் கூடாது. எழுதினால் அதே செலவை இரண்டு முறை எண்ணியதாகும்.

வாங்கினால் இன்று 10,00,000 போகிறது. தேய்மானத்தால் ஆண்டுக்கு 60,000 வரி மிச்சம், 7%இல் அதன் இன்றைய மதிப்பு 2,46,000. விற்று வரும் 1,00,000க்கும் வரி போக 70,000. இன்றைய மதிப்பில் சுமார் 49,900. இரண்டையும் கழித்தால் நிகரச் செலவு 7,04,100.

லீஸில் முதல் தவணை இன்றே போய்விடுகிறது, மற்ற நான்கும் அடுத்தடுத்த ஆண்டுகளில். இவற்றின் இன்றைய மதிப்பு 10,52,900. தவணைக்குக் கிடைக்கும் வரி மிச்சம் ஆண்டு முடிவில் 72,000 வீதம், மதிப்பில் 2,95,200. ஆக நிகரச் செலவு 7,57,700.

மலிவாகத் தெரிந்த லீஸ் 53,600 அதிகம்! 10,00,000 மதிப்புள்ள இயந்திரத்தைக் கொடுத்து, தவணைகளை முன்கூட்டியே வாங்கி, கடைசியில் இயந்திரத்தையும் திரும்ப எடுத்துக்கொள்கிறார் லீஸ் கொடுப்பவர். இதைக் கடனாகப் பார்த்தால் வரிக்கு முன் வட்டி ஏறக்குறைய 13.5% வருகிறது. வங்கி கேட்பது 10%.

விகிதத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். நிறுவனம் தன் முதலீடுகளுக்கு எதிர்பார்க்கும் 12%ஐ இங்கே பலர் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் வாங்குவது 7,44,000, லீஸ் 7,09,400 என்று விடை புரண்டுவிடும். பின்னால் கட்ட வேண்டியதெல்லாம் உயர்ந்த விகிதத்தில் சுருங்கிப்போவதால் வரும் மயக்கம் அது. கட்டாயமான பாக்கி அப்படிச் சுருங்காது.

இதனால் லீஸ் எப்போதுமே நஷ்டம் என்று ஆகிவிடாது. இயந்திரம் சீக்கிரம் பழசாகி, கடைசியில் யாரும் வாங்காமல் போகலாம். அப்போது வாங்குவதன் செலவு 7,54,000 ஆகிறது, லீஸுக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லாத அளவுக்கு. பராமரிப்பையும் லீஸ் கொடுப்பவரே ஏற்றால் கணக்கு திரும்பிவிடும். ஆண்டுக்கு 20,000 செலவாகும் பராமரிப்பு, வரி போக 14,000. இன்றைய மதிப்பில் 57,400. 53,600 இடைவெளியை இது தாண்டிவிடுகிறது. அதனால் ஒப்பந்தத்தில் உதிரிபாகம், பழுது யார் தலையில் என்ற வரியைத் தவணைத் தொகைக்கு முன்பே படிக்க வேண்டும்.

பேரம் பேசப் போகிறவர்களுக்கு ஒரு எண் கையில் இருக்க வேண்டும். இந்தக் கணக்கில், பராமரிப்பு நம் பொறுப்பு என்றால், தவணை 2,23,000 அளவில் இரண்டும் சமம். 7,04,100ஐ 3.157ஆல் வகுத்தால் அது கிடைக்கும். தவணையில் ஒவ்வொரு 1க்கும், வரி மிச்சம் போக, இன்றைய மதிப்பில் 3.157 செலவாகிறது. லீஸ் கொடுப்பவர் அந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் லீஸ், இல்லையென்றால் வங்கிக் கடன்.