ரோமிங் பேக்கா, உள்ளூர் சிம்மா: அல் ஐன் பயணத்தின் இரண்டு பில்கள்

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு டவர் மாறுவது ஒரு செய்தியே அல்ல. வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போனாலும், கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குப் போனாலும் போன் தானாகத் தமிழ்நாட்டு டவருக்குத் தாவிவிடும். எங்கள் வீட்டு மாடியில் நின்றாலே சில நாள் தாவும். உள்நாட்டில் இப்படித் தாவுவதற்கு என் போஸ்ட்பெய்டு திட்டத்தில் தனிக் கட்டணம் எதுவும் இல்லாததால், பில்லில் ரோமிங் என்ற தலைப்பைப் பார்க்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிருந்தது. அந்த அலட்சியத்தோடுதான், ஐக்கிய அரபு அமீரகத்தில் மகள் குடியிருக்கும் அல் ஐனுக்கு முதல் முறை போனேன்.

அந்தப் பயணத்துக்கு இந்திய எண்ணிலேயே பத்து நாள் ரோமிங் பேக் போட்டுக்கொண்டேன். இரண்டாவது பயணத்தில் அமீரகத்தின் ப்ரீபெய்டு சிம் ஒன்றை வாங்கி முதல் இடத்தில் போட்டு, இந்திய சிம்மை இரண்டாவது இடத்தில் வெறுமனே உயிரோடு வைத்திருந்தேன். இரண்டையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் என் சாய்வு இரண்டாவது வழியின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பேக்கின் வசதிகள் எல்லாருக்கும் தெரிந்தவை: எண் மாறாது, விமானம் இறங்கியதும் இணையம் வரும், கடை தேடி அலைய வேண்டாம். மூன்று நான்கு நாள் வேலையாகப் போய்த் திரும்புகிறவருக்கு அதுவே போதும். என்னைத் திருப்பியது விலை வித்தியாசம் அன்று; பேக் எந்த நாட்டுக்குச் செல்லுபடியாகும், போன் எந்த நாட்டு டவரில் நிற்கிறது என்ற இரண்டும் ஒன்றாகவே இருக்கும் என்று நான் நம்பியதுதான்.

அல் ஐன் ஓர் எல்லை நகரம். அதை ஒட்டி அந்தப் பக்கம் இருப்பது ஓமன் நாட்டின் புரைமி. நம் வேலந்தாவளத்தைப் போலவே அங்கும் டவரின் வீச்சு எல்லைக் கோட்டைப் பார்ப்பதில்லை. நான் வாங்கியிருந்த பேக்கோ அமீரகத்துக்கு மட்டுமானது. ஒரு மாலை மகளோடு எல்லை ஓரமாக இருந்த கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, போன் ஓமன் டவரைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் அதிலேயே இருந்திருக்கிறது. நான் எல்லையைக் கடக்கவே இல்லை. என் சிம் கடந்துவிட்டது.

இது எனக்குத் தெரியவந்தது அடுத்த மாத பில்லில். வெளிநாட்டு நெட்வொர்க் நம் நிறுவனத்துக்கு அனுப்பும் கணக்கு சில நாள் கழித்தும் வந்து சேரலாம் என்பதால், பயணம் நடந்த மாதத்தின் பில் சுத்தமாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பில்லின் முதல் பக்கத்தில் சர்வதேச ரோமிங் என்று ஒரே தொகை மட்டும் இருந்தது. விவரப் பட்டியலைத் திறந்து பார்த்த பிறகே விஷயம் விளங்கியது. இரண்டு டேட்டா வரிகள், ஒன்றில் 9,216 கே.பி., மற்றொன்றில் 14,336 கே.பி.; இரண்டையும் கூட்டி 1,024 ஆல் வகுத்தால் 23 எம்.பி. நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. அன்று எடுத்த படங்களைப் போன் தானாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. எம்.பி.க்கு 80 ரூபாய் வீதம் 1,840 ரூபாய். அதோடு ஒரு நிமிடம் 12 வினாடி பேசிய உள்வரும் அழைப்பு ஒன்று. நிமிடக் கணக்கு என்பதால் அது இரண்டு நிமிடமாகி, 75 ரூபாய் வீதம் 150. ஆக 1,990, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 358.20 சேர்ந்து 2,348 ரூபாய் 20 காசு. பேக்குக்குக் கொடுத்த பணம் தனி.

அந்த வரிகளில் நான் முதலில் பார்த்தது தொகையையும் நேரத்தையும்தான், பார்த்திருக்க வேண்டியதோ நெட்வொர்க்கின் பெயரை. பேக்குக்குள் அடங்கிய வரிகளில் அமீரக நெட்வொர்க்கின் பெயரும் எதிரே பூஜ்ஜியமும் இருந்தன. இந்த மூன்று வரிகளில் மட்டும் வேறு பெயர். நேரமும் என்னைக் குழப்பியது. 6.40 என்று இருந்ததை நம் நேரம் என்று எண்ணி, அப்போது வீட்டில்தானே இருந்தேன் என்று வாதாடத் தயாரானேன். அது அந்த ஊர் நேரம். நம் கடிகாரத்தில் இரவு 8.10. ரோமிங் வரிகளில் ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைக் கூட்டிப் பார்க்காமல் புகார் கொடுத்தால் நம் வாதமே நமக்கு எதிராகிவிடும்.

பேக்கையே விரும்புகிறவர்கள் இந்த ஓட்டையை அடைக்கலாம். போன் அமைப்பில் நெட்வொர்க்கைத் தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்தி, பேக் செல்லுபடியாகும் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துவிட்டால் போன் அக்கரைக்குத் தாவாது. ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் போன் ஊமையாக நிற்கும். விமானத்திலும் கப்பலிலும் கிடைக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்குக் கட்டணம் தனி. விமானப் பயன்முறையைப் போட மறந்தால் அதுவும் இதே கதைதான்.

உள்ளூர் ப்ரீபெய்டு சிம்மில் போட்ட பணம் தீர்ந்தால் இணைப்பு நின்றுவிடும், அதற்கு மேல் எவரும் என்னிடம் கேட்க முடியாது. போஸ்ட்பெய்டில் செலவு அப்படித் தானாக நிற்பதில்லை. அதற்காக இந்திய சிம்மைக் கழற்றி வைக்கவும் முடியாது, வங்கியின் ஓ.டி.பி. அதில்தான் வரும். என் திட்டத்தில் வந்த எஸ்.எம்.எஸ்.களுக்கு ரோமிங்கில் கட்டணம் இல்லை. உங்கள் திட்டத்தில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, அதில் வரும் அழைப்புகளை எடுக்காமல் விட்டேன்.

எடுக்காமல் விடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. என் மைத்துனர், எடுக்காத அழைப்புகள் ஊரிலுள்ள வீட்டு எண்ணுக்குப் போகும்படி திருப்பி வைத்திருந்தார். அவர் வெளிநாட்டில் இருந்தபோது அழைப்பு இங்கிருந்து அங்கே போய், மணியடித்து, மறுபடியும் அங்கிருந்து இங்கே திரும்பியது. போன வழிக்கு உள்வரும் ரோமிங் கட்டணம், வந்த வழிக்கு இந்தியாவுக்கு வெளிச்செல்லும் கட்டணம். அவரோ போனைத் தொடவே இல்லை. பில்லில் ஒரே நிமிடத்தில் இரண்டு வரிகளும், அதில் ஒன்று உங்கள் சொந்த வீட்டு எண்ணுக்கு என்றும் இருந்தால் காரணம் இதுவே. புறப்படும் முன்பு, இந்தியாவில் இருக்கும்போதே, இதை டயல் செய்து எல்லாத் திருப்பல்களையும் நீக்கிவிடலாம்:

```
##002#
```

இ-சிம் பற்றிச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. ஒரே ஒரு முறை மகள் போட்டுக் கொடுத்ததைப் பயன்படுத்தினேன். அது வெறும் டேட்டா, பேச எண் இல்லை. அமீரகத்தில் வாட்ஸ்அப் குரல் அழைப்புக்குத் தடை இருப்பதால், ஊரோடு பேச அதை மட்டும் நம்பிப் போக நான் துணிய மாட்டேன்.

உள்ளூர் சிம்மின் செலவு வேறொரு பில்லில் விழுகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. வீட்டிலிருந்து என் இந்திய எண்ணுக்கு அழைத்தால் அவர்களுக்கு அது சாதாரண அழைப்பு, எடுக்கிற எனக்குத்தான் ரோமிங் கட்டணம். 971 என்று தொடங்கும் எண்ணுக்கு அழைத்தால் அழைக்கிறவர் பில்லில் ஐ.எஸ்.டி. என்ற தலைப்பில் ஏறும். "அப்பா, அம்மாவை மிஸ்டு கால் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள், நாம் திருப்பிக் கூப்பிடலாம்" என்றாள் மகள். அப்படியே செய்தோம். இரண்டாவது பயணத்துக்குப் பிறகு வந்த இரண்டு மாத பில்களிலும் என் எண்ணில் ரோமிங் தொகை பூஜ்ஜியம். மனைவியின் எண்ணில் ஐ.எஸ்.டி. தலைப்பில் ஒரே ஒரு வரி, அதுவும் மிஸ்டு கால் என்று தெரியாமல் நான் அவசரப்பட்டு எடுத்துவிட்ட அழைப்பு.