ஒரே சந்து, மூன்று வாதங்கள்: சொத்துரிமை, சுவாதீனம், வசதியுரிமை

முன்வீட்டாரின் கிரயப் பத்திர எல்லைக்குள் ஆறடிச் சந்து ஒன்று இருக்கிறது. பின்வீட்டார் 1998 முதல் அதன் வழியாகவே தெருவுக்கு வந்து போகிறார். 2024 மார்ச்சில் முன்வீட்டார் குறுக்கே சுவர் எழுப்புகிறார். இந்தியச் சட்டப்படி பின்வீட்டார் எந்த வாதத்தை எடுக்கலாம்?

பத்திரம் முன்வீட்டார் பெயரில் இருப்பதால், நேரடியான சொத்துரிமை வாதத்துக்கு இடமில்லை. இருவர் பத்திரங்களும் அதைப் 'பொதுச் சந்து' என்று குறித்திருந்தால் கதையே வேறு: அப்போது இருவரும் கூட்டுரிமையாளர்கள், தமக்கும் பங்குள்ள நிலத்தில் நடக்கத் தனி உரிமை தேடத் தேவையில்லை.

அடுத்தது சுவாதீனம், அதாவது நிலத்தைத் தம் கைவசத்தில் வைத்திருப்பது. உரிமை யாருடையது என்று பார்க்காமலே, சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டுச் சுவாதீனத்தை மீட்கலாம். ஆனால் நடந்து போவது சுவாதீனமாகாது. அவர் கதவு போட்டுப் பூட்டி, மற்றவரை விலக்கியிருக்க வேண்டும். உரிமையாளரை மறுத்து 12 ஆண்டுகள் வெளிப்படையாக வைத்திருந்ததாகச் சொல்லும் எதிரிடை அனுபவ வாதமும் இதே இடத்தில் சறுக்குகிறது. முன்வீட்டாரும் அதே சந்தில் நடந்துகொண்டுதானே இருந்தார்!

என் பார்வையில் பொருத்தமானது வசதியுரிமைதான். நிலம் பிறருடையது என்பதை ஏற்று, தம் வீட்டின் பயனுக்காக அதன்மேல் நடக்கும் உரிமையை மட்டும் கேட்பது இது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அமைதியாக, வெளிப்படையாக, இடையூறின்றி, உரிமையாகக் கருதி 20 ஆண்டுகள் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்தக் காலம் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும். 1998 முதல் கணக்கிட்டால் 20 ஆண்டுகள் தாராளமாகத் தேறும். ஆனால் சுவரைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டு 2027இல் நீதிமன்றம் போனால், பயன்பாடு 2024லேயே முடிந்துவிட்டது என்ற ஒன்றே வழக்கைக் கவிழ்க்கப் போதும்.

இதைவிட அடிக்கடி வழக்கைக் கெடுப்பது அனுமதி. "போய்க்கொள்ளுங்கள்" என்று முன்வீட்டார் தயவாகச் சொன்னதன்பேரில் நடந்திருந்தால், எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அது உரிமையாக முதிராது. எனவே சாட்சிகளிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, யாரிடமாவது கேட்டுக்கொண்டு நடந்தார்களா என்பதே. வேறு வழியே இல்லை என்று அவசியத்தின்பேரில் கேட்பதென்றால், இரு மனைகளும் முன்பு ஒருவர் கையில் இருந்து பிரிந்தவையாக இருக்க வேண்டும். சுற்றிப் போகும் சிரமம் அவசியமாகாது.

சிலர் எச்சரிக்கையாக இருப்பதாக நினைத்து எதிரிடை அனுபவத்தையும் வசதியுரிமையையும் ஒரே மனுவில் சேர்க்கிறார்கள். முதலாவது 'நிலம் எனது' என்கிறது; இரண்டாவது 'நிலம் உனது' என்பதிலிருந்தே தொடங்குகிறது. தம் நிலத்தின்மேல் தமக்கே வசதியுரிமை இருக்க முடியாது என்பதால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் கைவைப்பது இந்த முரணில்தான்.