பயணத்தில் இருக்கும்போது பிறந்தநாள் வாழ்த்து: எதில் நேரம் குறித்து வைப்பது?

நேரம் குறித்து வைக்கும் வாழ்த்தில் முதலில் கேட்க வேண்டியது, குறித்த நேரம் வரும்வரை அது எங்கே காத்திருக்கிறது என்பதுதான். உங்கள் கைப்பேசியிலா, சேவை நிறுவனத்தின் சர்வரிலா?

தோழியின் ஊர் நேரம் உங்களுக்கு 4 மணி முன்னே ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் எழுந்து காபி குடிக்கும் 7.40க்கு வாழ்த்து சேர வேண்டும். உங்கள் கைப்பேசியில் அது அதிகாலை 3.40. உங்கள் விமானமோ 1 மணிக்குப் புறப்பட்டு 10 மணிக்கு இறங்குகிறது.

கூகுள் மெசேஜஸ் செயலியில் குறித்து வைத்த எஸ்எம்எஸ் கைப்பேசியிலேயே காத்திருக்கும். 3.40க்கு அது விமானப் பயன்முறையில் இருப்பதால் செய்தி புறப்படாது. இறங்கித் தொடர்பு கிடைத்த பிறகுதான் போகும். அப்போது தோழிக்குப் பிற்பகல் 2 மணி ஆகியிருக்கும். விமானப் பயணத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டெலிகிராமும் ஜிமெயிலும் செய்தியைச் சர்வரில் வைத்திருப்பதால் கைப்பேசி அணைந்திருந்தாலும் அனுப்பிவிடும். ஆனால் இரண்டிலும் நேரத்தை உங்கள் ஊர்க் கணக்கில்தான் குறிக்க வேண்டும். தோழியின் 7.40 என்று நினைத்துக்கொண்டு அப்படியே 7.40 எனக் குறித்தால், வாழ்த்து அவருக்கு 11.40க்குத்தான் கிடைக்கும். வேறு நேர மண்டலத்தில் இறங்கிய பின் குறிப்பதானால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

நெருங்கியவர்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது டெலிகிராம். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கலாம், படமும் சேர்க்கலாம். அதே இடத்தில், பெறுபவர் ஆன்லைனில் வந்ததும் அனுப்பும் தேர்வு ஒன்றும் சில சமயம் தோன்றும். கவர்ச்சியானதுதான், ஆனால் அது தேதி பார்ப்பதில்லை. முந்தைய நாள் மாலை அதைத் தேர்ந்தெடுத்தால், தோழி அன்றிரவே செயலியைத் திறந்ததும் வாழ்த்து போய்விடும். பிறந்தநாளுக்கு நேரத்தைக் குறிப்பதே சரி. நீண்ட கடிதமாக எழுத நினைப்பவர்களுக்கு ஜிமெயில் பொருந்தும். ஆனால் காலையில் எழுந்ததும் மின்னஞ்சல் பார்க்காதவர் அதை எப்போது படிப்பார் என்று சொல்ல முடியாது.

கருவி எதுவானாலும், வாழ்த்து இயந்திரத்தனமாகத் தெரிவதற்கு இரண்டு காரணங்களைப் பார்க்கிறேன். ஒன்று, சரியாக 12.00 மணிக்கு வந்து விழுவது. இன்னொன்று, நன்றி சொல்லி அவர் எழுதியதும் பல மணி நேரம் பதில் இல்லாமல் போவது. இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும். அதனால் செய்தியிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள்:

“பிறந்தநாள் வாழ்த்துகள்! புது வேலையின் முதல் வாரம் எப்படிப் போனது என்று முழுக்கதையும் கேட்க வேண்டும். நீ இதைப் படிக்கும்போது நான் விமானத்தில் இருப்பேன், அதனால் நேற்றே எழுதி வைத்தேன். உன் நேரம் மாலை 5 மணிக்கு அழைக்கிறேன்.”

தோழியின் வாழ்க்கையில் இப்போது நடப்பது அதில் இருக்கிறது. பதில் தாமதமாகும் காரணமும் இருக்கிறது. 5 மணி என்றது, தோழியின் நேரப்படி 2 மணிக்கு இறங்கும் விமானம் சற்றுத் தாமதமானாலும் சொன்னபடி அழைப்பதற்காக.

வாரக்கணக்கில் முன்கூட்டியே குறித்து வைப்பது எனக்கு உடன்பாடில்லை. இடையில் அவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால், உற்சாகமான வாழ்த்து நேரம் பார்த்துப் போய்ச் சேரும். அதை நிறுத்த உங்களுக்கு இணையம் வேண்டும். புறப்படும் முன் காத்திருக்கும் செய்திகளை ஒருமுறை திறந்து படித்து, பொருந்தாததை நீக்கிவிடுங்கள்.