740 படங்களுக்கும் ஒரே ஆக்‌ஷனை ஓட்டிவிட்டு 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்

பணம் திரும்ப வராது என்று நேற்று ராத்திரி கடைசிப் பதில் வந்துவிட்டது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கல்யாணப் படங்களை வெளியே திருத்தக் கொடுக்கும் சின்ன ஸ்டுடியோக்காரர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் நிறையக் கல்யாணங்கள் அப்போதுதான் வைப்பார்கள். இந்த வருஷம் கையில் ஒன்பது கல்யாணம். கூட வேலை பார்த்த தம்பியும் வெளிநாடு போய்விட்டான். எல்லாப் படத்தையும் தனியாக உட்கார்ந்து திருத்த முடியாது என்று, படத் திருத்த வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு இணையதளத்தில் ஒருவரைப் பிடித்தேன். படத்துக்கு 25 ரூபாய், 740 படம், மொத்தம் 18,500 ரூபாய். 'ஒவ்வொரு முகமும் கையால் திருத்தப்படும், ஆட்டோமேட்டிக் கிடையாது' என்று அவரே எழுதிக் கொடுத்தார்.

நான் நம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாதிரிக்காக மூன்று படம் அனுப்பினேன். மூன்றுமே மணப்பெண்ணின் குளோசப். திரும்பி வந்ததை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். கன்னத்துத் திட்டுகள் போயிருந்தன, தோலின் துளைகள் அப்படியே இருந்தன. முக்கியமாக, அந்தப் பெண்ணுக்கு மோவாயில் ஒரு மச்சம் உண்டு. அது இருந்தது. மச்சத்தைத் தொடாமல் விட்டிருக்கிறார் என்றால் முகத்தைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார் என்று முடிவு கட்டினேன். உடனே முழுப் பணத்தையும் கட்டினேன். அது இணையதளத்தின் பொறுப்பில் இருக்கும், வேலை முடிந்தது என்று நான் சொன்ன பிறகுதான் அவர் கைக்குப் போகும்.

மூன்றாவது நாள் 740 படமும் வந்தன. கூடவே ஆல்பம் அட்டைக்காக ஐந்து போட்டோஷாப் பிஎஸ்டி கோப்புகள். அன்றைக்கு மண்டபத்தில் இன்னொரு கல்யாணம். சின்னப் படங்களாக ஓட்டிப் பார்த்தேன், பத்துப் பன்னிரண்டு குளோசப்பைத் திறந்தேன், எல்லாம் நன்றாக இருந்தது. சரி என்று அமுக்கினேன். 18,500 ரூபாய் போனது அந்த நிமிஷம்தான்.

ஒரு வாரம் கழித்து லேபிலிருந்து ஆல்பத் தாள்கள் நான்கு மாதிரிக்கு வந்தன. பார்க்க வந்த மணப்பெண்ணின் தம்பி, கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படத்தில் விரலை வைத்து, "அண்ணே, அப்பத்தாவுக்குக் கண்ணு எங்கண்ணே?" என்று கேட்டான்.

நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். 43 பேர் நிற்கிற படம். அப்பத்தா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் கண் இருக்க வேண்டிய இடத்தில் லேசான இரண்டு நிழல்கள்தான் இருந்தன. மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் கோடே இல்லை. பக்கத்தில் இருந்த குழந்தைகளும் அப்படித்தான். ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு படமாகத் திறந்தேன். இடுப்பளவுப் படங்களில் மணப்பெண்ணின் மச்சம் இல்லை. மூக்குத்தி, வெளிறிய ஒரு புள்ளியாக மங்கிக் கிடந்தது. குளோசப்பில் இருந்த மச்சம் இதில் எப்படிப் போகும்?

பதில் அந்த பிஎஸ்டி கோப்புகளுக்குள் இருந்தது. ஐந்திலும் ஒரே லேயர்கள், ஒரே பெயர்கள். எடுத்த படம் வேறு வேறு, வேலை மட்டும் ஒன்று. இந்த முறை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். படத்தை இன்னொரு லேயராக நகல் எடுத்து, `Invert` செய்து, கலப்பு முறையை `Vivid Light` ஆக்கி, `High Pass` 24 பிக்சல், `Gaussian Blur` 4 பிக்சல். இது என்ன செய்யும் என்றால், ஏறக்குறைய 4 பிக்சலுக்கும் 24 பிக்சலுக்கும் இடைப்பட்ட அளவில் உள்ள மேடு பள்ளங்களை மழுக்கும். அதைவிடப் பொடியானது தங்கும், பெரியதும் தங்கும். அப்புறம் கறுப்பு மாஸ்க் போட்டு, தோலில் வேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளைத் தூரிகையால் நாம் கையால் வரைய வேண்டும். முறையின் உயிரே அந்தக் கடைசி வேலைதான்.

அந்த ஆள் அதைத்தான் தூக்கிவிட்டார். கையால் வரைவதற்குப் பதில் `Color Range` கட்டளையில் `Skin Tones` தேர்ந்தெடுத்து, விளிம்பு மென்மையாக `Feather` 20 பிக்சல் வைத்து, அதையே மாஸ்க்காக்கி, எல்லாவற்றையும் ஒரு ஆக்‌ஷனாகப் பதிவு செய்து, `Batch` மூலம் 740 படத்துக்கும் ஓட்டியிருக்கிறார். கோப்புகள் சேமிக்கப்பட்ட நேரத்தைப் பார்த்தேன். முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் இடையே ஒரு மணி பத்து நிமிடம். ஒரு படத்துக்கு ஆறு விநாடிகூட இல்லை. கையால் திருத்தியதாம்!

கணக்கைக் கேளுங்கள், இதுதான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆக்‌ஷன் பதிவு செய்வது எண்ணை. 24 என்று பதிவானால் எல்லாப் படத்திலும் 24 பிக்சல்தான். முகம் எவ்வளவு பெரிது என்று அதற்குத் தெரியாது. என் கேமராவில் படம் 6000க்கு 4000 பிக்சல். குளோசப்பில் முகத்தின் உயரம் சுமார் 2400 பிக்சல். நிஜ முகம் 20 சென்டிமீட்டர் என்று வைத்தால் ஒரு மில்லிமீட்டருக்கு 12 பிக்சல். 3 மில்லிமீட்டர் மச்சம் 36 பிக்சல் வரும், 24க்கு மேலே, அதனால் தப்பித்தது. இடுப்பளவுப் படத்தில் முகம் 800 பிக்சல்தான். அதே மச்சம் 12 பிக்சல், நேராக மாட்டிக்கொண்டது. மூக்குத்தியும் அப்படித்தான். குடும்பப் படத்தில் அப்பத்தா முகம் 180 பிக்சல். மில்லிமீட்டருக்கு ஒரு பிக்சல்கூட இல்லை. திறந்த கண்ணின் உயரமே 9 பிக்சல்தான். தோல் நிறம் இல்லாததால் மாஸ்க்கில் கண் விடுபட்டிருக்க வேண்டும். ஆனால் 20 பிக்சல் `Feather` அந்த ஓட்டையையும் அடைத்துவிட்டது. கண் முழுசாக உள்ளே போய்விட்டது.

மாதிரியில் மச்சம் தப்பியது அவர் முகத்தைப் பார்த்ததால் இல்லை. நான் குளோசப் அனுப்பியதால்.

மாஸ்க்கை மட்டும் தனியாகத் திறந்து பார்த்தபோது இன்னும் வயிறு எரிந்தது. அரிச்சல்முனையில் எடுத்த படத்தில் மணலையும் தோல் என்று எடுத்திருக்கிறது, கோயிலின் மரக்கதவையும் எடுத்திருக்கிறது. ஆனால் மணப்பெண்ணின் அப்பா முகத்தைப் பாதிதான் எடுத்திருக்கிறது. கடலில் வெயில் குடித்த கறுத்த முகம் அவருக்கு. நெற்றியில் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் வழுவழு என்று இருக்கிறது, மறுபக்கம் சுருக்கத்தோடு அப்படியே இருக்கிறது. இரண்டு ஆட்களின் முகத்தை ஒட்டியது போல இருக்கிறது.

அன்றைக்கே படம் திருத்திய ஆளுக்கு எழுதினேன். முதல் பதில், 'உங்கள் மானிட்டரில் கலர் சரியாக இல்லை.' அச்சடித்த தாளைப் படம் பிடித்து அனுப்பினேன். 'குரூப் படத்தை யாரும் அவ்வளவு பெரிதாக்கிப் பார்க்க மாட்டார்கள்.' சேமித்த நேரங்களை அனுப்பிக் கேட்டேன். அதற்குப் பதிலே இல்லை, என் எண்ணைத் தடுத்துவிட்டார். இணையதளத்தில் புகார் கொடுத்தேன். வேலையை ஏற்றுக்கொண்ட மூன்று நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். கையால் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்றால், அது தரம் குறித்த கருத்து வேறுபாடாம், அவர்கள் தலையிட மாட்டார்களாம். நேற்று வந்த பதிலும் அதே வரிகள்தான். 18,500 ரூபாய். தடைக்காலத்தில் நான் பார்த்த ஒரு முழுக் கல்யாணத்தின் மிச்சம் அது.

ஆக்‌ஷனே தப்பு என்று சொல்லவில்லை. நானும் வருஷக்கணக்கில் பதிவு செய்து ஓட்டுகிறவன். `Actions` பேனலில் புதிது திறந்து, நகல், `Invert`, `Vivid Light`, இரண்டு ஃபில்டர், கறுப்பு மாஸ்க் வரைக்கும் பதிவு செய்வேன். `High Pass`, `Gaussian Blur` வரிகளுக்கு இடப்பக்கம், டிக் குறிக்கு அடுத்து இருக்கும் சின்னப் பெட்டியை அமுக்கி வைத்துவிடுவேன். அப்போது ஒவ்வொரு படத்திலும் அந்த இடத்தில் நின்று, எண்ணை என்னிடம் கேட்கும். முகத்தின் உயரத்தில் நூற்றில் ஒரு பங்கை `High Pass`-க்கும், அதில் ஆறில் ஒரு பங்கை `Gaussian Blur`-க்கும் கொடுப்பேன். 2400க்கு 24, 4. 800க்கு 8, சுமார் 1.3. 180 பிக்சல் முகத்துக்கு ஓட்டவே மாட்டேன், அங்கே திருத்த ஒன்றுமில்லை. கடைசியில் `Insert Stop` போட்டு, 'மச்சம், தழும்பு, மூக்குத்தி பார்' என்று எனக்கு நானே எழுதி வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு தூரிகை என் கையில். நேரத்தை மிச்சம் பிடிப்பது தயாரிப்பு வேலையில்தான். எது தழும்பு, எது அந்த ஆளின் முகம் என்பதை மனுஷன்தான் பார்க்க வேண்டும்.

விரிவாக எழுதலாம் என்று இருந்தேன், நேரமில்லை. அவசரமாக நான்கு மட்டும். மாதிரிக்கு குளோசப் மட்டும் அனுப்பாதீர்கள், ஒரு குரூப், ஒரு இடுப்பளவு, ஒரு கறுத்த முகம், ஒரு வயதானவர் முகம் சேர்த்து அனுப்புங்கள். மாஸ்க்கோடு பிஎஸ்டி கேளுங்கள், சேமித்த நேரத்தைப் பாருங்கள். எல்லாவற்றையும் திறந்து பார்க்காமல் சரி என்று அமுக்காதீர்கள். மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும், என்னிடம் இருந்ததால்தான் இந்தக் கல்யாணம் பிழைத்தது.

14ஆம் தேதி ராத்திரியோடு தடை முடிகிறது. மணப்பெண்ணின் தம்பி படகு ஏறுவதற்குள் ஆல்பம் கையில் வேண்டும் என்கிறார்கள். இன்னும் 500 படத்துக்கு மேல் கிடக்கிறது. குடும்பப் படத்தை மட்டும் நேற்றே முடித்துவிட்டேன். மூலப்படத்தை எடுத்து, வெளிச்சத்தை மட்டும் சரிசெய்து, முகங்களைத் தொடாமல் லேபுக்கு அனுப்பியிருக்கிறேன்.