வண்டியில் கோளாறு இல்லை, விளம்பரத்தில்தான் கோளாறு: மின்சார ஸ்கூட்டருடன் 14 மாதம்

எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, புதுச்சேரியில் வேலை. ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போய் வர ஏறக்குறைய 50 கிலோமீட்டர். நாளிதழில் அரைப் பக்கத்துக்கு வந்த விளம்பரம், ‘ஒரே சார்ஜில் 150 கி.மீ.’ என்று கொட்டை எழுத்தில் சொன்னது. மூன்று நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்று கணக்குப் பார்த்துத்தான் புதுச்சேரி ஷோரூமில் வாங்கினேன்.

இரண்டாம் நாள் மாலையே தவளக்குப்பம் வருவதற்குள் பேட்டரி 8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. டீக்கடையில் கெஞ்சி ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

அப்புறம் ஒழுங்காகவே சோதித்துப் பார்த்தேன். டயரில் சரியான காற்று, ஒரே ஆள், எக்கோ மோட், 45 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவில்லை. நான்கு முறையும் 88 முதல் 94 கி.மீ. வரைதான் ஓடியது. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போதும் நிற்கும்போதும் மீட்டரைப் படம் எடுத்து வைத்தேன்.

சர்வீஸ் சென்டரில் பேட்டரியைப் பரிசோதித்து, “நல்லா இருக்கு சார், எந்தக் கோளாறும் இல்லை” என்று எழுதியே கொடுத்தார்கள். பலரும் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோகிறார்கள். பழுது என்று வழக்குப் போட்டால் அதைச் சோதனைக்கூட அறிக்கையோடு நிரூபிக்க வேண்டிவரும். நான் பழுது என்றே சொல்லவில்லை. நல்ல பேட்டரியே 90தான் ஓடும் என்றால் 150 என்று சொன்னது தவறு. அவர்கள் கொடுத்த சீட்டே எனக்குச் சாட்சி.

அந்த 150, சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த அளவு. அந்தச் சோதனை ஓட்டத்தின் உச்ச வேகமே 42 கி.மீ., சராசரி 22 கி.மீ. போலத்தான். ‘சோதனை நிலையில்’ என்பதை விளம்பரத்தின் அடியில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். என் அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அவருக்கு அந்த வரி இருந்தும் இல்லாததுதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 வழிகாட்டுதல்படி, பொறுப்புத் துறப்பு வரி விளம்பரத்தின் மொழியிலேயே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். தவறான வாக்குறுதியை அதை வைத்துச் சரிக்கட்டவும் கூடாது.

முதலில் 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. பிறகு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஷோரூம் புதுச்சேரியில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு ஆண்டு.

நிறுவனம் இப்போது தன் இணையப் பக்கத்தில் 150 என்பதை எடுத்துவிட்டது. நல்லவேளை, தேதியோடு அந்தப் பேப்பரை மடித்து ஆர்.சி. புத்தகத்தோடு பீரோவில் வைத்திருந்தேன். அதுதான் மனுவின் முதல் ஆவணம். வண்டியைத் திருப்பித் தருகிறேன், 14 மாதம் ஓட்டியதற்கு நியாயமான தொகையைக் கழித்துக்கொண்டு மீதியை வட்டியோடு கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு வரும்வரை தினமும் ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.