துள்ளும் பந்துக்கு எந்த சார்ட்: பாதிப் பாதியா, ஒற்றைப்படையா?

அனிமேஷன் பழகுகிறவர்கள் முதலில் வரைவது துள்ளும் பந்து. பெரும்பாலானோர் அதில் பந்தை நசுக்கும் ஸ்குவாஷ், நீட்டும் ஸ்ட்ரெட்ச் இரண்டையும் கண் போன போக்கில் போடுகிறார்கள். பந்து எங்கே நீள வேண்டும், எவ்வளவு நீள வேண்டும் என்பதற்கு விடை, ஒவ்வொரு படத்திலும் பந்து எங்கே நிற்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஸ்பேசிங் சார்ட்டிலேயே இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி பந்தின் விட்டத்தைத் தாண்டினால் கண்ணுக்கு அவை தனித்தனிப் பந்துகளாகத் தெரியும், அசைவு வெட்டி வெட்டி ஓடும். இதைத்தான் ஸ்ட்ரோபிங் என்கிறோம். அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஸ்ட்ரெட்ச். ஆகவே எந்த சார்ட்டைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அதுவே பந்தின் வடிவத்தையும் பாதி தீர்மானித்துவிடுகிறது.

ஒரே பந்தை பாதிப் பாதி, ஒற்றைப்படை என்ற இரண்டு சார்ட்டிலும் போட்டுப் பார்ப்போம். வேகம் நொடிக்கு 24 ஃபிரேம். பந்தின் விட்டம் 20 மி.மீ. உச்சியிலிருந்து தரையைத் தொடும்வரை பந்தின் மையம் 144 மி.மீ. இறங்குகிறது. அதற்கு 12 ஃபிரேம், அதாவது அரை நொடி. நிஜத்தில் அரை நொடியில் ஒரு பொருள் சுமார் 1.2 மீட்டர் விழும். எனவே தாளில் உள்ள இந்தப் பந்து, நிஜத்தில் 17 செ.மீ. விட்டமுள்ள ரப்பர் பந்துக்குச் சமம். ஆன் டூஸில், அதாவது ஒரு படத்துக்கு இரண்டு ஃபிரேம் என்று வரைகிறோம். இரண்டு சார்ட்டுக்கும் டைமிங் ஒன்றே, மாறுவது ஸ்பேசிங் மட்டும்.

| ஃபிரேம் | பாதிப் பாதி: உச்சியிலிருந்து (மி.மீ.) | ஒற்றைப்படை: உச்சியிலிருந்து (மி.மீ.) |
|---|---|---|
| 1 | 0 | 0 |
| 3 | 4.5 | 4 |
| 5 | 9 | 16 |
| 7 | 18 | 36 |
| 9 | 36 | 64 |
| 11 | 72 | 100 |
| 13 | 144 | 144 |

பாதிப் பாதி சார்ட் தாளில் வரைந்த காலத்துப் பழக்கம். உச்சிக்கும் தரைக்கும் நடுவே ஒரு படம், அதற்கும் உச்சிக்கும் நடுவே இன்னொன்று என்று பாதியாக்கிக்கொண்டே போவது. லைட் பாக்ஸில் இரண்டு தாளை வைத்துப் புரட்டிப் பார்த்து நடுப்புள்ளியைக் கண்ணாலேயே பிடிக்கலாம், ஸ்கேல் தேவையில்லை. நடுப்படங்களான இன்பிட்வீன் போடுகிறவரிடம் சார்ட்டைக் கொடுத்தால் குழப்பமில்லாமல் போட்டுவிடுவார். இந்த வசதி சாதாரணமானது அல்ல.

ஆனால் கடைசி இடைவெளியைப் பாருங்கள். 72 மி.மீ., அதாவது மொத்த உயரத்தில் பாதி, பந்தின் விட்டத்தைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். பந்து உச்சியில் ஒட்டிக்கொண்டு மிதக்கிறது, பிறகு திடீரெனத் தரையில் இருக்கிறது. நடுவே விழுந்ததைக் கண் பார்ப்பதே இல்லை. அந்தப் பள்ளத்தை அடைக்க 1.8 மடங்கு நீட்டினால்கூடப் படம் 36 மி.மீ. நீளமும் 11 மி.மீ. அகலமும் கொண்ட வெண்டைக்காயாகிறது. அதற்கு முந்தைய படமோ ஏறக்குறைய உருண்டை. ஒரே படத்தில் வடிவம் இப்படித் தாவினால் பந்து ரப்பராகத் தெரியாது, ஜெல்லியாகத் தெரியும்.

ஒற்றைப்படை சார்ட் புவியீர்ப்பின் கணக்கு. சம நேரத்தில் விழும் தூரங்கள் 1, 3, 5, 7, 9, 11 என்ற விகிதத்தில் கூடும். கூட்டிக்கொண்டே போனால் 1, 4, 9, 16, 25, 36. மொத்த உயரத்தை 36 பங்காக்கி, இந்த எண்களில் கோடு போட்டால் சார்ட் தயார். நம் பந்துக்கு ஒரு பங்கு 4 மி.மீ. என்பதால் இடைவெளிகள் 4, 12, 20, 28, 36, 44. ஒவ்வொரு படமும் முந்தையதைவிடச் சரியாக 8 மி.மீ. கூடுதலாக நகர்கிறது. அந்தச் சீரான ஏற்றத்தைத்தான் கண் எடை என்று படிக்கிறது.

சார்ட் சரியா என்று அறிய எளிய சோதனை உண்டு. பாதி நேரத்தில் பந்து கால்வாசி உயரம்தான் இறங்கியிருக்க வேண்டும். 7-ஆம் ஃபிரேமில் ஒற்றைப்படை சார்ட் 36-ஐக் காட்டுகிறது, அது 144-இல் கால்வாசி. பாதிப் பாதி சார்ட் காட்டுவது 18, வெறும் எட்டில் ஒரு பங்கு. மிதப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இனி ஸ்ட்ரெட்ச். ஒற்றைப்படை சார்ட்டில் இடைவெளி 20 மி.மீ. ஆகும்வரை பந்து உருண்டையாகவே இருக்கட்டும். 28 வரும் 9-ஆம் ஃபிரேமில் 1.2 மடங்கு, 36 வரும் 11-இல் 1.3, தரையைத் தொடும் 13-இல் 1.4. இவ்வளவுதான். இடைவெளி முழுவதையும் அடைக்க வேண்டியதில்லை, கண்ணுக்கு ஒரு பாலம் கிடைத்தால் போதும். உச்சியிலிருந்தே நீட்டத் தொடங்குவது அடிக்கடி காணும் பிழை. உச்சியில் வேகமே இல்லை, அங்கே நீண்ட பந்து முட்டையாகத்தான் தெரியும்.

இதே காட்சியை ஆன் ஒன்ஸில், அதாவது ஃபிரேமுக்கு ஒரு படம் என்று வரைந்தால் இடைவெளிகள் 1, 3, 5 என்று போய் 23-இல் முடியும். 20-ஐத் தாண்டுவது கடைசி இரண்டு மட்டுமே, எனவே ஸ்ட்ரெட்ச் ஏறக்குறைய தேவைப்படாது. பந்தின் விட்டம் 40 மி.மீ. என்றால் ஆன் டூஸிலும் அப்படித்தான். யாரோ போட்ட 1.4-ஐ அப்படியே நகலெடுத்தால் சிலருக்குப் பொருந்துவதும் சிலருக்குப் பொருந்தாததும் இதனால்தான்.

நீட்டினாலும் நசுக்கினாலும் பந்தின் பருமன் மாறக்கூடாது. தாளில் அது பரப்பளவு: உயரத்தை எவ்வளவால் பெருக்குகிறோமோ, அகலத்தை அவ்வளவால் வகுக்க வேண்டும். 1.4 மடங்கு ஸ்ட்ரெட்ச் என்றால் 28 மி.மீ. உயரம், 14.3 அகலம். 0.7 ஸ்குவாஷ் என்றால் 14 உயரம், 28.6 அகலம். இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம், படுக்கப் போட்டதுதான் வேறுபாடு. ஒன்றை வரைந்து தாளைத் திருப்பினால் மற்றது கிடைக்கும். 3டி-யில் கணக்கு வேறு. அங்கே அகலம் இரண்டு அச்சுகளில் பிரிவதால் 1-ஐ உயரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 0.7 ஸ்குவாஷுக்கு ஒவ்வொரு பக்கமும் 1.195. 2டி-யில் பழகியவர் அதே 1.43-ஐ இரண்டு அச்சிலும் கொடுத்தால் ஒவ்வொரு அடியிலும் பந்து 43 சதவீதம் ஊதிச் சுருங்கும்.

தரையைத் தொடும் இடத்திலும் இரண்டு வழிகள் மோதுகின்றன. ஒன்று, விழுந்துவரும் படத்துக்கு அடுத்ததாக நேரே நசுங்கிய படத்தை வைப்பது. மற்றொன்று, நீண்ட வடிவத்திலேயே தரையைத் தொடும் படம் ஒன்று, அதன்பின் நசுங்கிய படம் ஒன்று. இரண்டாவதே என் தேர்வு. தொட்ட கணம் தனியாகத் தெரிவதால் நசுங்கலுக்குக் காரணம் கிடைக்கிறது, அடி விழுந்தது போல இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதியை ஆன் ஒன்ஸில் வையுங்கள்: 13 தொடுதல், 14 நசுங்கல், 15 நீண்ட நிலையில் தரையை விட்டுக் கிளம்பும் படம். ஆன் டூஸிலேயே ஓட்டினால் பந்து தரையில் ஒட்டிக்கொண்டு பிய்த்துக்கொண்டு வரும். ஒரு டென்னிஸ் பந்து நிஜத்தில் தரையைத் தொட்டிருப்பது சில மில்லிநொடிகள்தான். ஒரு ஃபிரேமோ சுமார் 42 மில்லிநொடி. ஆகவே ஒரு ஃபிரேம் நசுங்கலே நிஜத்தைவிடத் தாராளமானது.

இங்கே கை தவறும் இடம் ஒன்று உண்டு. தரையில் உருண்டைப் பந்தின் மையம் 10 மி.மீ. உயரத்தில் இருக்கும். நீண்ட பந்துக்கு அது 14, நசுங்கிய பந்துக்கு 7. சார்ட்டின் கோட்டிலேயே மையத்தை வைத்து வடிவத்தை மட்டும் மாற்றினால் நீண்ட பந்து தரைக்குள் புதையும், நசுங்கிய பந்து 3 மி.மீ. அந்தரத்தில் நிற்கும். காற்றில் இருக்கும் படங்களுக்கு மையத்தை அளவிடுங்கள், தரைப் படங்களுக்கு அடிப்பகுதியை அளவிடுங்கள். 3டி-யில் பந்தின் ஆரிஜினை அடியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒற்றைப்படை சார்ட்டின் பெரிய லாபம் அடுத்த துள்ளலில்தான் தெரிகிறது. அடுத்த துள்ளலை 10 ஃபிரேமில் ஏற்ற வேண்டும் என்றால் அதன் உயரம் 10-இன் வர்க்கம், 100 மி.மீ. 8 ஃபிரேமுக்கு 64. உச்சியிலிருந்து எண்ணினால் இடைவெளிகள் அதே 4, 12, 20, 28, 36. புதிய சார்ட் வரையவே வேண்டாம், பழைய சார்ட்டின் மேல்பகுதியை எடுத்துக்கொள்ளலாம். 15-இல் கிளம்பும் பந்து 17-இல் 36, 19-இல் 64, 21-இல் 84, 23-இல் 96, 25-இல் உச்சி. பாதிப் பாதி சார்ட்டில் 100 மி.மீ. துள்ளலுக்குப் புதிய பாதிகள் பிறக்கும். உச்சியை ஒட்டிய இடைவெளி 4.5-லிருந்து 6.25 ஆகும். துள்ளலுக்குத் துள்ளல் புவியீர்ப்பு மாறுவதுபோல இருக்கும். உயரத்தை மட்டும் குறைத்து ஃபிரேம்களை அப்படியே விடுவதும் இதே நோயைத்தான் தரும், இன்னும் கடுமையாக.

எத்தனை ஃபிரேம் குறைப்பது என்பது எந்தப் பந்து என்பதைச் சொல்லும். 12-லிருந்து 10 என்றால் உயரத்தில் 69 சதவீதம் மிஞ்சும், நன்றாகத் துள்ளும் ரப்பர் பந்து அது. டென்னிஸ் பந்துக்கான விதி 254 செ.மீ.யிலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும் என்கிறது. 12-லிருந்து 9 ஃபிரேம் என்றால் 81 மி.மீ., அதாவது 56 சதவீதம், அந்த வரம்புக்குள் சரியாக விழுகிறது. நசுங்கலும் ஃபிரேமோடு குறையட்டும். 12 ஃபிரேம் விழுந்து வந்தபோது 30 சதவீதம் நசுங்கினால், 10-க்கு 25, 8-க்கு 20. கடைசிச் சின்னத் துள்ளலிலும் 30 சதவீதம் நசுங்கும் பந்து காற்றுப் போனதாகத் தோன்றும்.

பந்து முன்னோக்கியும் நகர்ந்தால் செங்குத்து இடைவெளிக்கு இந்த சார்ட், கிடைமட்டத்துக்கு எல்லாப் படத்திலும் சம தூரம். ஸ்ட்ரெட்ச் மேல்கீழாக அல்ல, பாதையின் சாய்வில் வர வேண்டும். உச்சிக்கு அருகே பாதை வளைவதால் அங்கே நீட்டாமல் விட்டது இங்கேயும் கைகொடுக்கும்.

பிளெண்டரில் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. உச்சியிலும் தரையிலும் கீ போட்டுவிட்டு அப்படியே ஓட்டினால், இயல்பான `Bezier` வளைவு தரையை நெருங்கும்போதும் வேகத்தைக் குறைக்கும். பந்து மெத்தையில் இறங்குவதுபோல இருக்கும். கிராஃப் எடிட்டரில் உச்சிக் கீயைத் தேர்ந்து `T` அழுத்தி `Quadratic`, பிறகு `Ctrl+E` அழுத்தி `Ease In` கொடுங்கள். தரையிலிருந்து எழும் கீக்கும் `Quadratic`, ஆனால் `Ease Out`. உயர அச்சின் வளைவு ஒற்றைப்படை சார்ட்டோடு அப்படியே பொருந்தும்.

பாதிப் பாதி சார்ட்டை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. பந்து ஒரு பாத்திரமாக இருந்து, உச்சியில் தயங்கிப் பிறகு தொப்பென்று விழ வேண்டுமானால் அந்த மிதப்பே வேண்டியது. ஒரே துள்ளலோடு காட்சி முடிந்தால் புவியீர்ப்பு மாறுவதை யாரும் கவனிக்கப் போவதுமில்லை. அப்போது 72 மி.மீ. பள்ளத்தை 1.8 ஸ்ட்ரெட்சால் துணிந்து அடையுங்கள், முந்தைய படத்தையும் 1.4 ஆக்கித் தாவலைப் படியாக்குங்கள். மூன்று நான்கு துள்ளல் உள்ள காட்சிக்கும், எடை தெரிய வேண்டிய பந்துக்கும் ஸ்கேலை எடுத்து 36 பங்கு கோடு போடுவதே மேல்.